பத்து லட்சம் வியூஸுக்கு எவ்வளவு துட்டு? ஷார்ட்ஸா, நீள வீடியோவா, ரீல்ஸா: ஒரு வேலூர்க் கணக்கு

காட்பாடியில் நான் நடத்துவது கல்யாண வீடியோ ஸ்டுடியோ. முகூர்த்தம் இல்லாத ஆடி மாதத்தில் ஆல்பம் கேட்டு வருகிறவர்களைவிடப் போனை நீட்டிக்கொண்டு வருகிறவர்கள்தான் அதிகம். "இன்னாண்ணா, பத்து லட்சம் வியூஸ் போயிருக்கு, ஒரு ரூபா வரலியே?" என்பதுதான் முதல் கேள்வி. இரண்டாவது கேள்வியும் ஏறக்குறைய எல்லோருக்கும் ஒன்றுதான்: "யூடியூப் ஷார்ட்ஸ் போடட்டுமா, இன்ஸ்டா ரீல்ஸ் போடட்டுமா?"

இந்த ஆடியில் ஒரே வாரத்தில் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவன் குடியாத்தத்துத் தம்பி. ஆம்பூரில் ஷூ கம்பெனி வேலை, ஞாயிற்றுக்கிழமை ஆனால் சாப்பாட்டுக்கடை வீடியோ. பிரியாணி அண்டாவின் தம் உடைத்து மூடியைத் திறக்கும் 28 நொடித் துண்டு ஒன்று அவனுக்குப் பத்து லட்சத்தைத் தாண்டியிருந்தது. இன்னொருவர் ஆற்காட்டு அக்கா. வீட்டிலேயே இட்லிப்பொடி, வடகம், பிரியாணி மசாலா செய்து விற்கிறவர். அவருடைய பெரிய வீடியோவுக்கே வியூஸ் நாலாயிரம்தான்.

கேள்வி ஒன்றாக இருந்தாலும் இரண்டு பேருக்கும் நான் வேறு வேறு பதில்தான் சொன்னேன். ஏன் அப்படி என்பதை இங்கே எழுதிவைக்கிறேன்.

## முதலில், எதை வைத்து ஒப்பிடுவது?

வியூஸை வைத்து ஒப்பிட்டால் எப்போதும் தப்பான பக்கம்தான் போய் நிற்போம். நான் நாலு விஷயம் பார்ப்பேன்.

முதல் ரூபாய் வருவதற்கு முன்னால் எவ்வளவு பெரிய கதவைத் திறக்க வேண்டும் என்பது ஒன்று. அந்தப் பணம் யாருடைய பாக்கெட்டிலிருந்து வருகிறது என்பது இரண்டாவது. விளம்பரம் கொடுக்கும் பெரிய கம்பெனியா, பக்கத்துத் தெருக் கடைக்காரரா, உங்கள் பொருளை வாங்குகிறவரா என்று பார்க்க வேண்டும். ஒரு மாதம் காய்ச்சலில் படுத்துவிட்டால் பழைய வீடியோ ஏதாவது சம்பாதித்துக் கொடுக்குமா என்பது மூன்றாவது. நாலாவது, கணக்கில் எழுதப்படாத செலவு: பெட்ரோல், ராத்திரித் தூக்கம், பாட்டு உரிமை, வசூல் அலைச்சல்.

## யூடியூப் ஷார்ட்ஸ்: பங்குக் கறிக் கணக்கு

நம் ஊர்ப்பக்கம் பண்டிகைக்கு ஒரு ஆட்டை வாங்கி அடித்து, பங்கு போட்டு எடுத்துக்கொள்வோம் இல்லையா, ஷார்ட்ஸ் வருமானம் கிட்டத்தட்ட அப்படித்தான். உங்கள் பங்கு எந்தக் காலிலிருந்து வந்தது என்று யாரும் பார்ப்பதில்லை, எத்தனை பங்கு என்பதுதான் கணக்கு.

இதற்குக் காரணம் விளம்பரம் வரும் இடம். நீள வீடியோவில் விளம்பரம் அந்த வீடியோவுக்குள்ளேயே வரும், எந்த வீடியோவால் எவ்வளவு வந்தது என்று பிரித்துச் சொல்லலாம். ஷார்ட்ஸில் விரலால் தள்ளிக்கொண்டே போகும்போது இரண்டு வீடியோக்களுக்கு நடுவில் விளம்பரம் வருகிறது. அது யாருடைய வீடியோவுக்குச் சொந்தம்? யாருக்கும் இல்லை. அதனால் அந்தப் பணத்தை மாதாமாதம் ஒன்றாகச் சேர்த்துப் பிரிக்கிறார்கள். 2023 பிப்ரவரி 1 முதல் இந்த முறை நடப்பில் இருக்கிறது. அதற்கு முன்னால் ஷார்ட்ஸ் ஃபண்ட் என்று யூடியூப் தானே ஒதுக்கிய தொகையைப் போனஸாகக் கொடுத்துக்கொண்டிருந்தது.

பிரிப்பது இரண்டு கட்டமாக நடக்கிறது. முதலில் பாட்டுக்கான பங்கை எடுத்து வைக்கிறார்கள். பாட்டே இல்லாத ஷார்ட் என்றால் அதன் வியூஸுக்கான பணம் முழுவதும் வீடியோ போடுகிறவர்களுக்கான பொதுப்பானைக்குப் போகும். ஒரு பாட்டு இருந்தால் பாதி பானைக்கு, பாதி பாட்டு உரிமைக்கு. இரண்டு பாட்டு இருந்தால் மூன்றில் ஒரு பங்குதான் பானைக்கு வரும். அடுத்து, ஒவ்வொரு நாட்டுக்கும் தனித்தனியாக இருக்கும் அந்தப் பானையை, அந்த நாட்டில் யாருக்கு எத்தனை வியூஸ் என்ற விகிதத்தில் பிரிக்கிறார்கள். உங்கள் பேருக்கு வந்த பங்கில் 45 சதவீதம் உங்களுக்கு, மீதி யூடியூபுக்கு.

தம்பிக்கு நான் பில் புக்கின் பின்பக்கத்தில் போட்டுக் காட்டிய கணக்கு இது. எண்கள் நானாக வைத்துக்கொண்டவை, முறை மட்டும் நிஜம்.

ஒரு குட்டி நாடு. அங்கே மாதம் 10 கோடி ஷார்ட்ஸ் வியூஸ், எல்லாம் மானிடைஸ் ஆன, அதாவது விளம்பரப் பங்கு வாங்கத் தகுதிபெற்ற சேனல்களுடையவை. விளம்பரத்தில் வந்தது 5 லட்சம் ரூபாய். 6 கோடி வியூஸ் பாட்டில்லாத ஷார்ட்ஸுக்கு, 4 கோடி ஒரு பாட்டு வைத்தவற்றுக்கு. பாட்டில்லாத பக்கத்துக்கு 3 லட்சம், அது முழுதாகப் பானைக்குப் போகிறது. பாட்டுள்ள பக்கத்துக்கு 2 லட்சம், அதில் பாதியான 1 லட்சம்தான் பானைக்கு. ஆக, பானையில் 4 லட்சம். தம்பிக்கு 10 லட்சம் வியூஸ் என்றால் மொத்தத்தில் நூற்றில் ஒன்று, பங்கு 4,000 ரூபாய். அதில் 45 சதவீதம் 1,800 ரூபாய்.

"நான் பாட்டே போடலியேண்ணா. அண்டா சத்தம், கரண்டி சத்தம்தான். எனக்கு முழுசா வரணுமே?" என்றான்.

எல்லோரும் தவறுகிற இடம் இதுதான். தன் வீடியோவில் பாட்டு இல்லாவிட்டால் கூட வரும், பாட்டு வைத்தால் பாதி போய்விடும் என்று நினைக்கிறார்கள். அப்படி இருந்தால் மேலே சொன்ன கணக்கில் பாட்டில்லாதவனுக்கு 2,250 ரூபாயும் பாட்டு வைத்தவனுக்கு 1,125 ரூபாயும் வர வேண்டும். ஆனால் இருவருக்கும் 1,800தான். பாட்டின் விலை பானையின் அளவைக் குறைக்கிறது, தனி ஆள் பங்கைத் தொடுவதில்லை. ஊரே பாட்டு வைத்தால் ஊருக்கே குறையும், நீங்கள் ஒருவர் வைக்காமல் இருப்பதால் உங்களுக்குத் தனியாக ஏறாது. எனவே, ஷார்ட்ஸ் லைப்ரரியில் இருக்கும் பாட்டு வீடியோவுக்குப் பொருந்தினால் தாராளமாக வையுங்கள்.

தாராளம் ஒரு நிமிடம் வரைதான். 2024 அக்டோபர் 15 முதல் மூன்று நிமிடம் வரை ஷார்ட்ஸாகப் போடலாம் என்றானது. ஆனால் ஒரு நிமிடத்துக்கு மேல் போகும் ஷார்ட்டில் உரிமைக் கோரிக்கை விழுந்தால் அந்த வீடியோ உலகம் முழுக்க முடக்கப்படும். என் ஒரு நிமிடம் இருபது நொடி வீடியோ ஒன்று அப்படித்தான் போனது. நான் பாட்டே வைக்கவில்லை, டீக்கடையில் ஓடிக்கொண்டிருந்த ஸ்பீக்கர் வைத்துவிட்டது. அன்றிலிருந்து கேமராவை எடுக்கும் முன்னால் "அண்ணே, பாட்டைக் கொஞ்சம் நிறுத்துங்க" என்பதுதான் என் முதல் வேலை.

இன்னொரு சிக்கல், பானை நாட்டுக்கு நாடு வேறு. பார்க்கிறவர் உட்கார்ந்திருக்கும் நாட்டுப் பானையிலிருந்துதான் உங்களுக்குப் பங்கு வரும், நீங்கள் எந்த நாட்டிலிருந்து போடுகிறீர்கள் என்பதில் ஒன்றும் இல்லை. விளம்பரத்துக்கு அதிகம் கொடுக்கும் நாட்டில் பானை கனமாக இருக்கும். ஆம்பூர் பிரியாணித் துண்டை வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் நம் ஆட்கள் ஊர் ஞாபகத்தில் பார்ப்பார்கள். அந்தக் கொஞ்ச வியூஸ் கொண்டுவரும் தொகை சில மாதங்களில் உள்ளூர் வியூஸின் தொகையோடு போட்டி போடும். இரண்டு சேனல்கள் ஒரே வியூஸுக்கு வேறு வேறு தொகை வாங்குவதற்கு இது பெரிய காரணம். பக்கத்து வீட்டுப் பையன் காட்டும் ஸ்கிரீன்ஷாட்டை நம்பி யாரும் கடன் வாங்க வேண்டாம்.

### கதவு

இவ்வளவும் கதவைத் திறந்த பிறகுதான். பொதுப்பானையில் கணக்குக்கு வருவது மானிடைஸ் ஆன சேனல்கள் மட்டும். 1,000 சப்ஸ்கிரைபர், அதோடு 90 நாளில் 1 கோடி ஷார்ட்ஸ் வியூஸ் அல்லது 12 மாதத்தில் 4,000 மணி நேரம் நீள வீடியோ பார்க்கப்பட்டிருக்க வேண்டும். உள்ளே போன பிறகும் ஷார்ட்ஸுக்கான ஒப்பந்தத்தைத் தனியாக ஏற்க வேண்டும். ஏற்ற நாளுக்கு முந்தைய வியூஸுக்குப் பின்தேதியிட்டு எதுவும் தரமாட்டார்கள். தம்பியின் பத்து லட்சம் அப்படித்தான் காற்றில் போனது.

1 கோடியை 90 நாளால் வகுத்தால் ஒரு நாளைக்கு 1,11,000 வியூஸ். அது நகரும் 90 நாள் வேறு. பிரியாணித் துண்டு கொண்டுவந்த பத்து லட்சமும் 91-ஆம் நாளிலிருந்து ஒவ்வொன்றாகக் கணக்கிலிருந்து உதிர ஆரம்பிக்கும். ஏணியில் ஏறும்போதே கீழ்ப்படியை உருவுவது போல.

அதிலும் திரையில் பெரிதாகத் தெரியும் எண் இப்போது கணக்கில் எடுக்கும் எண் அல்ல. 2025 மார்ச் 31 முதல் ஷார்ட் ஓட ஆரம்பித்தாலே ஒரு வியூ என்று எண்ணுகிறார்கள், திரும்ப ஓடினாலும் இன்னொன்று. கதவுக்கும் காசுக்கும் எடுத்துக்கொள்வது பழைய முறையிலான வேறு எண். யூடியூப் ஸ்டுடியோ ஆப்பின் அனலிட்டிக்ஸில் Engaged views என்று அது தனியாக இருக்கும். தம்பியின் போனில் அதைத் திறந்து பார்த்தபோது பத்து லட்சம் ஏழு லட்சத்துச் சில்லறையாக இறங்கியிருந்தது. பையன் முகமும் கூடவே இறங்கியது.

500 சப்ஸ்கிரைபரோடு திறக்கும் சின்னக் கதவு ஒன்றும் இருக்கிறது. 90 நாளில் 3 பதிவு போட்டிருக்க வேண்டும், அதே 90 நாளில் 30 லட்சம் ஷார்ட்ஸ் வியூஸ் அல்லது ஒரு வருடத்தில் 3,000 மணி நேரம் வேண்டும். ஆனால் அதில் விளம்பரப் பங்கு கிடையாது. பார்க்கிறவர்கள் விருப்பப்பட்டுக் கொடுக்கும் சூப்பர் தேங்ஸ், மெம்பர்ஷிப் மாதிரியானவை மட்டும்தான். சாப்பாட்டு வீடியோவுக்கு யாரும் மொய் எழுதி நான் பார்த்ததில்லை.

### பணம் கைக்கு வரும் வழி

கணக்கில் 10 டாலர் சேர்ந்ததும் வீட்டு முகவரிக்குத் தபாலில் ஒரு பின் நம்பர் வரும். கதவு எண், தெரு, அஞ்சலகம், பின்கோடு எல்லாம் தபால்காரருக்குப் புரிகிற மாதிரி எழுதியிருக்க வேண்டும். "பேருந்து நிலையம் பின்புறம்" என்று மட்டும் எழுதிய ஒருவர் மூன்று முறை பின் கேட்டு அலைந்தார். 100 டாலர் சேர்ந்த பிறகு, அடுத்த மாதம் 21-லிருந்து 26-க்குள் அனுப்புவார்கள். டாலர் 90 ரூபாய் என்று வைத்தால், மாதம் 1,800 வருகிற சேனலுக்கு ஐந்து மாதத்துக்கு ஒருமுறைதான் சம்பளம். வங்கி தன் பிடித்தத்தை அப்புறம் எடுக்கும்.

அமெரிக்க வரிப் படிவத்தை நிரப்பாமல் விட்டவர்களுக்கு உலகம் முழுக்க வந்த வருமானத்திலும் 24 சதவீதம் வரை பிடிக்க வாய்ப்புண்டு. நிரப்பினால், நம் நாட்டோடு உள்ள ஒப்பந்தத்தின்படி அமெரிக்காவில் பார்த்தவர்களால் வந்த பகுதிக்கு மட்டும் 15 சதவீதம். கால் மணி நேர வேலை, தள்ளிப்போடாதீர்கள்.

இது யாருக்குச் சரி: பேச்சு இல்லாமலே எந்த மொழிக்காரருக்கும் புரிகிற காட்சி உள்ளவர்களுக்கு. தம் உடைப்பது, தோல் தைப்பது, பாத்திரம் தட்டுவது, கோலம் போடுவது. அப்படிப்பட்டவர்களால்தான் தினமும் லட்சம் வியூஸ் என்பதை யோசித்துப் பார்க்கவே முடியும். சினிமாத் துண்டை வெட்டி அப்படியே போடுகிறவர்கள் இந்தப் பக்கம் வராமல் இருப்பது நல்லது. அந்த வியூஸ் பங்குக்குச் சேராது, அடுத்தவர் வீடியோவை மறுபடி ஏற்றினாலும் அதே கதிதான்.

## நீள வீடியோ, அதற்குத் தூண்டிலாக ஷார்ட்ஸ்

தம்பி மானிடைசேஷனின் இரண்டாவது வழியைக் கண்டுகொள்ளவே இல்லை. 4,000 மணி நேரம் என்றதும் பயந்துவிட்டான். போட்டுப் பார்ப்போம்: 4,000 மணி நேரம் என்பது 2,40,000 நிமிடம். பத்து நிமிட வீடியோவை ஒருவர் சராசரி நாலு நிமிடம் பார்த்தால் 60,000 வியூஸ் போதும். அதுவும் பன்னிரண்டு மாதத்தில், அதாவது மாதம் 5,000. ஒரு பக்கம் 90 நாளில் ஒரு கோடி, இன்னொரு பக்கம் ஒரு வருடத்தில் அறுபதாயிரம். திறப்பது ஒரே கதவு. நீள வீடியோவால் உள்ளே போனவர் ஷார்ட்ஸ் ஒப்பந்தத்தையும் ஏற்றுக்கொண்டால் அவர் போடும் ஷார்ட்ஸுக்கும் அன்றிலிருந்து பங்கு உண்டு.

ஷார்ட்ஸ் ஃபீடில் பார்க்கப்பட்ட நேரம் இந்த 4,000 மணியில் சேராது. அதை மட்டும் மறக்க வேண்டாம்.

பங்கும் இங்கே 55 சதவீதம். அதோடு உங்கள் வீடியோவில் வந்த விளம்பரத்தின் பங்கு, ஊர்ப்பானையில் அள்ளுவது அல்ல. ஆனால் பாட்டு விஷயம் தலைகீழ். நீள வீடியோவில் ஒரு சினிமாப் பாட்டு கேட்டுவிட்டால் அந்த வீடியோவின் வருமானம் முழுவதையும் உரிமைக்காரர் எடுத்துக்கொள்ளலாம். ஷார்ட்ஸில் பழகிய கையோடு இங்கே வந்து பாட்டு வைத்துவிட்டு மாதக்கடைசியில் தலையில் கை வைப்பவர்கள் நிறைய.

வேலூருக்கு என்று ஒரு வசதி இருக்கிறது. சிஎம்சி மருத்துவமனைக்கு வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். காந்தி ரோடு பக்கம் வங்காளி எழுத்தில் போர்டு வைக்காத லாட்ஜ் குறைவு. காட்பாடி ரயிலடியில் இறங்கி எந்த பஸ் ஏறுவது, அறை எங்கே தேடுவது, மீன்குழம்புச் சாப்பாடு எங்கே கிடைக்கும் என்று அவர்கள் வீட்டிலிருந்தே தேடுகிறார்கள். இப்படிப்பட்ட வீடியோ ஒரே நாளில் பறக்காது. ஆனால் வாரத்துக்கு நூறு, இருநூறு என்று தேடி வந்து பார்ப்பார்கள், வந்தவர்கள் கடைசி வரை பார்ப்பார்கள். ஸ்ரீபுரம் பொற்கோயில், ஏலகிரி போகும் வழிக்கும் இதே கதைதான். நீங்கள் காய்ச்சலில் படுத்திருந்தாலும் அது ஓடும். மருத்துவமனைக்குள் போய் நோயாளிகளை எடுக்காதீர்கள், அது வேறு வம்பு.

மறைந்த செலவு நேரம்தான். 28 நொடித் துண்டை டீ ஆறுவதற்குள் வெட்டிவிடலாம். பத்து நிமிட வீடியோவுக்குப் பேச வேண்டும், ஒலி சுத்தமாக இருக்க வேண்டும், எனக்கே இரண்டு சாயங்காலம் போகும். சின்ன மைக் ஒன்று வாங்க வேண்டி வரும்.

இன்னொன்று, ஷார்ட்ஸ் பார்த்துச் சப்ஸ்கிரைப் செய்தவர் நீள வீடியோவுக்கு வருவார் என்று எண்ணாதீர்கள். தம் உடைப்பதைப் பார்க்க வந்தவருக்குக் காட்பாடி பஸ் விவரம் எதற்கு? 2023 ஆகஸ்ட் 31-க்குப் பிறகு ஷார்ட்ஸின் விளக்கத்திலும் கமெண்டிலும் போடும் லிங்கை அழுத்தினால் திறக்காது. பதிவேற்றும்போது Related video என்ற இடத்தில் உங்கள் நீள வீடியோவைக் கட்டிவிட வேண்டும், அது ஒன்றுதான் வழி. எனவே, அதே விஷயத்தின் ஒரு துண்டாக ஷார்ட் இருந்தால்தான் தூண்டில் வேலை செய்யும்.

## இன்ஸ்டா ரீல்ஸ்: காசு கொடுப்பது இன்ஸ்டா அல்ல

ரீல்ஸ் வியூஸுக்கென்று யூடியூப் மாதிரி எல்லோருக்கும் பொதுவான விளம்பரப் பங்கு நம் நாட்டில் இல்லை. முன்பு இருந்த ரீல்ஸ் ப்ளே போனஸையும் சுருட்டிவிட்டார்கள். பரிசு, சந்தா என்று சிலது இருக்கிறது, அவற்றைக் கணக்கில் எடுக்காமல் இருந்தால் ஏமாற்றமும் இருக்காது. ரீல்ஸில் காசு என்றால் கடைக்காரர் கொடுப்பது, இல்லாவிட்டால் உங்கள் பொருளை வாங்குகிறவர் கொடுப்பது. கதவே இல்லை என்பது இதன் பெரிய பலம். எட்டாயிரம் ஃபாலோயர் இருந்தாலும், அதில் ஆறாயிரம் பேர் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் ஆட்கள் என்றால், ஆற்காட்டில் புதுக்கடை திறப்பவருக்கு நீங்கள் தேவைப்படுவீர்கள். பத்து லட்சம் வியூஸில் ஒன்பது லட்சம் பேர் பஸ் ஏறி வர முடியாத ஊர்க்காரர்கள் என்றால் கடைக்காரருக்கு அதனால் என்ன?

கணக்கு: ஒரு கடை ஒரு ரீலுக்கு 3,000 ரூபாய் பேசியது. கேட்க நன்றாக இருக்கிறது, என் குட்டி நாட்டுக் கணக்கில் ஷார்ட்ஸில் இதற்கு ஏறக்குறையப் பதினேழு லட்சம் வியூஸ் வேண்டும். ஆனால் இரண்டு முறை போய்வரப் பெட்ரோல் 300. "ஓனர் முகம் இன்னும் கொஞ்சம் வரட்டும்", "ஆஃபர் போஸ்டரைப் பெரிசா போடுங்க" என்று மூன்று முறை திருத்தம். பாதி முன்பணம், மீதி "நாளைக்கு வாங்க தம்பி". எனக்கு ஒரு கடையிலிருந்து 1,500 ரூபாய் இன்னும் நாளைக்குத்தான் வரப்போகிறது. இப்போதெல்லாம் முழுப் பணம் வந்த பிறகுதான் பதிவு ஏறும். திருத்தம் ஒருமுறைதான், அதையும் வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிக்கொள்கிறேன்.

பாட்டு இங்கேயும் ஒரு பொறி. டிரெண்டிங்கில் இருக்கும் சினிமாப் பாட்டுக்கான அனுமதி சொந்தப் பயன்பாட்டுக்குத்தான், கடை விளம்பரத்துக்கு அல்ல. பிசினஸ் கணக்காக மாற்றினால் பல பாட்டுகள் பட்டியலிலிருந்தே மறைந்துவிடும். ஷார்ட்ஸ் லைப்ரரிப் பாட்டுக்கும் இதே வரம்புதான். காசு வாங்கிச் செய்தது என்று வீடியோவிலேயே தெரியும்படி போடுவதும் கட்டாயம். பிடிக்காத பிரியாணியைப் பிடித்தது என்று சொல்வதும் விதிப்படி தப்பு, அதோடு ஊரும் சின்னது.

கடைக்காரர் பணத்துக்குப் பதில் பொருளாகக் கொடுத்தாலும் வரி உண்டு. 2022 ஜூலை முதல், ஒருவர் ஒரு வருடத்தில் கொடுக்கும் இலவசப் பொருளின் மதிப்பு 20,000 ரூபாயைத் தாண்டினால் 10 சதவீதம் டிடிஎஸ். படம் பிடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்த போனுக்கு இது பொருந்தாது, வீட்டுக்கு எடுத்துப்போனால் பொருந்தும்.

இது யாருக்குச் சரி: விற்க ஏதாவது கையில் வைத்திருப்பவருக்கு. ஆற்காட்டு அக்காவிடம் நான் ஷார்ட்ஸ் பேச்சையே எடுக்கவில்லை. "நாலாயிரம் வியூஸ்தானே தம்பி வருது" என்று வருத்தப்பட்டார். அதில் எத்தனை பேர் மெசேஜ் செய்தார்கள் என்று கேட்டேன். பதினொன்று, வாங்கியது ஏழு பேர். கால் கிலோ மசாலாவில் கையில் நிற்பது 60 ரூபாய் என்றால் 420 ரூபாய். என் குட்டி நாட்டுப் பங்கில் அதே நாலாயிரம் வியூஸுக்கு ஏழு ரூபாய் இருபது காசு. அவர் செலவு கூரியர், பாக்கெட், ராத்திரி பத்து மணிக்கு வரும் "ரேட் என்ன?" மெசேஜ்கள். உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவு எண் பாக்கெட்டில் இருக்க வேண்டும், அது இல்லாமல் வீடியோ பெரிதாகப் போனால் ஆர்டரோடு அதிகாரியும் வரலாம்.

ஃபேஸ்புக்கைப் பற்றியும் கேட்கிறார்கள். 2024 அக்டோபரில் அங்கே ரீல்ஸ் விளம்பரம், போனஸ் எல்லாவற்றையும் ஒரே திட்டமாகச் சேர்த்தார்கள். உள்ளே சேர்க்கப்பட்டிருந்தால் எடுத்த வீடியோவை அங்கேயும் போடுங்கள். அதற்காகத் தனியாக எடுக்க வேண்டாம் என்பது என் கட்சி.

## ஒரு பார்வையில்

| | ஷார்ட்ஸ் பங்கு | நீள வீடியோ | ரீல்ஸ் வழிக் கடை, விற்பனை |
|---|---|---|---|
| கதவு | 1,000 சப்ஸ்கிரைபர், 90 நாளில் 1 கோடி | 1,000 சப்ஸ்கிரைபர், வருடத்தில் 4,000 மணி | இல்லை |
| யார் பணம் | நாட்டுவாரிப் பொதுப்பானை | அந்த வீடியோவின் விளம்பரம் | கடைக்காரர், வாங்குகிறவர் |
| உங்கள் பங்கு | 45% | 55% | பேசியது, வசூலானது |
| பாட்டு | 1 நிமிடம் வரை பயமில்லை | வருமானமே போகலாம் | விளம்பரத்துக்கு அனுமதி இல்லை |
| படுத்துவிட்டால் | சீக்கிரம் வற்றும் | ஓடிக்கொண்டிருக்கும் | அன்றே நிற்கும் |
| மறைந்த செலவு | தினமும் போடும் கட்டாயம் | நேரம், மைக் | அலைச்சல், வசூல் |

தம்பிக்கு நான் சொன்னது இதுதான். ஞாயிறு காலை கடையில் நிற்கும்போது 28 நொடிக்காகப் போகாதே, பத்து நிமிடத்துக்கு எடு. விறகு எப்போது பிரிப்பது, சீரகச் சம்பா எப்போது இறக்குவது, கத்திரிக்காய் தொக்குக்கு எந்தக் காய் என்று மாஸ்டரையே பேசவிடு. அதிலிருந்து இரண்டு துண்டு வெட்டி ஷார்ட்ஸ் போட்டு Related video-வில் முழு வீடியோவைக் கட்டு. அதே துண்டை இன்ஸ்டாவிலும் போடு. கம்பெனி வேலையை விடாதே.

"எத்தினி நாள் ஆவும்ணா?" என்றான்.

மாதம் நாலு வீடியோ, ஒவ்வொன்றுக்கும் ஆயிரத்து இருநூறு, ஆயிரத்து முன்னூறு வியூஸ் என்றால் ஒரு வருடம். கதவு திறந்த பிறகு முதல் நூறு டாலருக்கு இன்னும் சில மாதம். அடுத்த ஆடிக்கு வா, அப்போது யூடியூப் ஸ்டுடியோவைத் திறந்து கணக்குப் பார்ப்போம் என்றேன். பில் புக்கின் அந்தப் பக்கத்தைக் கிழித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு குடியாத்தம் பஸ்ஸைப் பிடிக்க ஓடினான்.